எலக்ட்ரோபோரெசிஸ் "நார்மல்"னு வந்துட்டா கல்யாணத்துக்கு நாள் குறிச்சிடலாமா?

சில மாசம் முன்னாடி தொட்டியம் போயிருந்தப்ப சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில ஒரு பஞ்சாயத்து. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் கல்யாணம் பேசி முடிச்சிருக்காங்க. யாரோ புண்ணியவான் ரத்தம் சோதிக்கச் சொல்ல, ரெண்டு பேரும் ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரெசிஸ் எடுத்திருக்காங்க. பையனுக்கு ஏ2 5.2 சதவீதம், "தலசீமியா கேரியர்". பொண்ணுக்கு 3.4, "நார்மல்". உடனே பெரியவர் ஒருத்தர், "பையனுக்கு ரத்தத்துல வியாதியாம்ல!"ன்னு ஆரம்பிச்சிட்டார். பொண்ணு வீட்டுக்காரங்க முகத்தில் ஒரே நிம்மதி.

அந்த ரெண்டு முடிவுமே தப்புங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

முதல்ல இந்த டெஸ்ட் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். சிவப்பணுவை உடைச்சு, ஹீமோகுளோபின் கரைசலை ஒரு பட்டையில் சொட்டு வச்சு, பி.எச். 8.6 உள்ள கரைசலில் மின்சாரம் விடுவாங்க. அங்கே ஹீமோகுளோபினுக்கு எதிர்மின்சுமை. அதனால நேர்முனையை நோக்கி ஓடும். ஏ முன்னாடி ஓடும், அடுத்து எஃப், அதுக்குப் பின்னாடி எஸ், கடைசியில ஏ2. எஸ் ஏன் பின்தங்குதுன்னா, பீட்டா சங்கிலியில ஆறாவது இடத்துல குளூட்டாமிக் அமிலம் போய் வாலின் வந்து உட்கார்ந்துடுச்சு, ஒரு சுமை குறைஞ்சிடுச்சு. 1949-ல் பாலிங் குழு காட்டின வித்தியாசம் இந்த ஓட்ட வித்தியாசம்தான். நம்ம நீலகிரி பழங்குடி மக்களிடம் லேமனும் கட்புஷும் 1952-ல் எழுதி வச்ச அரிவாள் செல் மரபணுவும் இந்த எஸ்தான். அதில் படிக்கறது சுலபம். ஏ மட்டும் பெருசா இருந்தா சரி. ஏ-யும் எஸ்ஸும் சேர்ந்து, ஏ கொஞ்சம் தூக்கலா இருந்தா கேரியர். ஏ-யே இல்லாம எஸ்ஸும் கொஞ்சம் எஃப்பும் மட்டும்னா நோயாளி.

பீட்டா தலசீமியா அப்படி இல்லை. கேரியர்கிட்ட புதுசா ஒரு கோடு வராது. ஏ, ஏ2-ன்னு எல்லாருக்கும் இருக்கற அதே ரெண்டு கோடுதான். ஏ2 மட்டும் 3.5-ஐத் தாண்டி 4, 5, 6-ன்னு ஏறியிருக்கும். பட்டையைக் கண்ணால பார்த்து 3-க்கும் 5-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அளக்கணும். இப்போ பெரும்பாலும் ஹெச்.பி.எல்.சி. மெஷின் அளக்குது. முழு நோய்னா கதையே வேற. ஏ இருக்காது, இல்லேன்னா சொற்பமா இருக்கும். மீதி கிட்டத்தட்ட எல்லாமே எஃப்தான். மாசாமாசம் ரத்தம் ஏத்தணும். அந்தப் பெரியவர் "வியாதி"ன்னு சொன்னது இந்த நிலைமையை. பையன் நல்லா வயல் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கான்!

இப்போ பொண்ணோட பேப்பருக்கு வருவோம். நான் கேட்டு வாங்கிப் பார்த்தது முதல் பக்கத்தை இல்லை, கீழே சொருகியிருந்த சாதாரண ரத்த எண்ணிக்கைத் தாளை. ஹீமோகுளோபின் 10. சிவப்பணு எண்ணிக்கை 5.4 மில்லியன். எம்.சி.வி. 63. ரத்தம் குறைவா இருக்கு, ஆனா அணுக்கள் எண்ணிக்கை மட்டும் தாராளம், ஒவ்வொண்ணும் குட்டி. 63-ஐ 5.4-ஆல் வகுத்தா 11.7. 13-க்குக் கீழே வந்தா தலசீமியா கேரியரா இருக்கலாமோன்னு சந்தேகப்படணும். அது துப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை. இத்தனை துப்பு இருந்தும் லேப்காரர் கண்ணுக்கு 3.4 மட்டும்தான் தெரிஞ்சிருக்கு.

இரும்புச்சத்து குறைஞ்சா ஏ2 இறங்கும். கேரியரோட 4 சொச்சம் 3 சொச்சமாகி "நார்மல்" வேலிக்குள்ள ஒளிஞ்சுக்கும். நம்ம ஊர்ப் பொண்ணுங்கள்ல இரும்பு குறையாதவங்க எத்தனை பேர்? ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னேன். வெறும் 7. (பேரீச்சம்பழம், பீட்ரூட்னு வருஷக்கணக்கா ஊட்டினாங்களாம்.) டாக்டர் இரும்பு மாத்திரை குடுத்து, மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுக்கணும்னார். பத்திரிகை அடிக்கறதை நிறுத்தி வச்சாங்க, திட்டு எனக்கு. போன வாரம் வந்த ரிப்போர்ட்: ஏ2 4.3, எம்.சி.வி. இன்னும் 66. பொண்ணும் கேரியர்.

அதாவது, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தை முழு நோயோட பிறக்க. இது தெரியாம பண்ணியிருந்தா, குழந்தைக்கு ஆறு மாசம் ஆகி வெளுக்க ஆரம்பிச்ச பிறகுதான் தெரிஞ்சிருக்கும். அதுவும் அவசரத்துல முதல்ல ரத்தம் ஏத்திட்டு அப்புறம் சாம்பிள் எடுத்தா, ரத்தம் குடுத்தவரோட ஏ-தான் தாள்ல தெரியும்!

கல்யாணத்தை நிறுத்தணும்னு நான் சொல்லலை. ரெண்டு பேரும் பேசி, பண்ணிக்கறதுன்னே முடிவெடுத்திருக்காங்க. கர்ப்பம் ஆனதும் 10-12 வாரத்துல நஞ்சுத் திசு எடுத்து மரபணு பார்க்கலாம். அதுக்கு முன்னாடியே ரெண்டு பேரோட மரபணு மாற்றம் எதுன்னு தெரிஞ்சிருக்கணும். அந்த டெஸ்டுக்கு சாம்பிள் போயிருக்கு.

லேபுக்குப் போன் பண்ணி, எம்.சி.வி. 63 இருந்தும் எப்படிங்க "நார்மல்"னு போட்டீங்கன்னு கேட்டேன். "ரேஞ்சுக்குள்ள இருந்தா கம்ப்யூட்டரே அப்படித்தான் சார் போடும்"னார்.