மொட்டையடிக்கச் சொன்னது எந்தக் கடல் சட்டம்?

2024 செப்டம்பரில் இலங்கைச் சிறையிலிருந்து விடுதலையான ராமேஸ்வரம் மீனவர்கள் சிலர் மொட்டைத் தலையோடு வந்திறங்கினார்கள். அபராதம் கட்ட முடியாததால் மொட்டையடித்து, கழிவறை கழுவ வைத்தார்கள் என்றார்கள். இது நமக்குப் புதிய தண்டனையா? ஊர்ப் பஞ்சாயத்துகளில் சாதி எழுதிய தீர்ப்புதானே!

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. உரிய பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் உடனே விட வேண்டும். நாடுகளுக்குள் தனி உடன்பாடு இல்லையென்றால் மீன்பிடி விதிமீறலுக்குச் சிறை கூடாது. உடலை வருத்தும் தண்டனை எந்நிலையிலும் கூடாது.

ஆனால் இந்தப் பிரிவு பொருளாதார மண்டலத்துக்கு மட்டும்தான். பாக் விரிகுடாவை 1974இல் இரு அரசுகளும் ‘வரலாற்று நீர்ப்பரப்பு’ என்று சொல்லிப் பிரித்துக்கொண்டன. ஆழ்கடலில் பிடிபடும் கம்பெனிக் கப்பலுக்கு உள்ள பாதுகாப்பு, இந்தச் சின்னக் கடலில் பிழைப்பவருக்கு இல்லை.

நம் இழுவைமடிப் படகுகள் யாழ்ப்பாண மீனவர்களின் வலைகளை அறுப்பதை மறைக்க வேண்டாம். ஆனால் படகு முதலாளி பெரும்பாலும் கரையில் இருக்கிறார். சிறைக்குப் போவது கூலிக்குப் போனவர். 73ஆம் பிரிவின் விதிகளைப் பாக் விரிகுடாவுக்கும் எழுதி இரு அரசுகளும் கையெழுத்திடட்டும். எல்லை தாண்டியதற்கு அபராதம் போடுங்கள். மானத்தில் கை வைக்காதீர்கள்.