ஐ5 ஸ்டிக்கரை விடுங்க... காலேஜுக்கு முதல் லேப்டாப் வாங்கும்முன் இந்த மூணைப் பாருங்க!

2011 செப்டம்பர் 15. திருவள்ளூரை ஒட்டியுள்ள காக்களூரில்தான் இலவச லேப்டாப் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அப்போது மாணவர்கள் கைக்கு வந்த லேப்டாப்பில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருந்தது. 2025-ல் கல்லூரி மாணவர்களுக்கான புதிய லேப்டாப்புக்கு எல்காட் நிறுவனம் டெண்டரில் கேட்டது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி.

கவனிச்சீங்களா? ரேம் நாலு மடங்கு ஆகியிருக்கு. ஸ்டோரேஜ் மட்டும் 320-லிருந்து 256-ஆகக் குறைஞ்சிருக்கு. ஆனாலும் புதுசுதான் பல மடங்கு வேகம். லேப்டாப் வாங்கும்போது எண் பெரிசா இருக்கான்னு பார்க்கக் கூடாது, அது எந்த வகைன்னு பார்க்கணும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் அப்பாவோ அண்ணனோ சேர்த்து வைத்த பணத்தோடு, மின்சார ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. அங்கே காதில் விழும் முதல் வார்த்தை, "தம்பி, ஐ5 இருக்கு, எடுத்துக்குங்க". என் கருத்து இதுதான்: ஐ5-ஆ ஐ3-ஆ என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். அதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது ரெண்டு இருக்கு.

முதல் கேள்வி: ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. ஒவ்வொரு ஃபைலையும் தேடி ஒரு முள் நகர வேண்டும். அதனால் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை ஒரு நொடிக்குச் சுமார் நூறு முறைதான் அதனால் எடுக்க முடியும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. அதே வேலையை அது நொடிக்குப் பல ஆயிரம் முறை செய்யும். விண்டோஸ் ஆன் ஆகும்போது படிப்பது இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத்தான். ஹார்ட் டிஸ்க் போட்ட லேப்டாப் ஆன் ஆவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எனவே '1000 ஜிபி ஹார்ட் டிஸ்க்' என்று ஆசை காட்டினாலும் வேண்டாம். 256 ஜிபி எஸ்எஸ்டி போதும், 512 கிடைத்தால் நல்லது. ரொம்ப மலிவான மாடல்களில் 'இஎம்எம்சி' என்று போட்டு 64 அல்லது 128 ஜிபி இருக்கும். அது எஸ்எஸ்டியைவிட வேகம் குறைந்தது. போர்டிலேயே ஒட்டியிருப்பதால் பிறகு மாற்றவும் முடியாது.

இரண்டாம் கேள்வி: ரேம் எவ்வளவு? இன்னொன்று போட இடம் இருக்கா?

ஸ்டோரேஜ் என்பது பீரோ என்றால், ரேம் என்பது படிக்கும் மேசை. விண்டோஸ் 11 மட்டுமே அந்த மேசையில் 3, 4 ஜிபி இடத்தை எடுத்துக்கொள்ளும். மீதியில்தான் பிரவுசர், ஆன்லைன் வகுப்பு, பாடத்துக்கான சாஃப்ட்வேர் எல்லாம். இடம் போதாவிட்டால் லேப்டாப் பொருட்களை பீரோவில் வைத்து வைத்து எடுக்க ஆரம்பிக்கும். லேப்டாப் 'ஹேங் ஆகுது' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பி.காம், பி.ஏ. மாணவர்களுக்கு, டேலியும் வேர்டும் எக்செலும்தான் வேலை என்றால் இன்றைக்கு 8 ஜிபி போதும். மெக்கானிக்கல் படித்து சாலிட்வொர்க்ஸ் போன்ற டிசைன் சாஃப்ட்வேர் ஓட்டப்போகிறவர்களுக்கு அந்த நிறுவனமே சொல்லும் அளவு 16 ஜிபி. இது விண்டோஸில் மட்டுமே ஓடும் சாஃப்ட்வேர் என்பதால் குரோம்புக், மேக்புக் பக்கம் போகும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இப்போது 8 ஜிபி வாங்கிவிட்டு மூன்றாம் வருஷம் ஏத்திக்கலாமா? ஏத்தலாம், இடம் இருந்தால். மெலிதான பல மாடல்களில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். உதாரணமாக, Ryzen 3 7320U, Ryzen 5 7520U சிப் உள்ள லேப்டாப்களில் ரேம் எப்போதும் ஒட்டியபடிதான் வரும். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

கடையிலேயே இதைப் பார்க்கலாம். Ctrl + Shift + Esc அழுத்தி Task Manager திறந்து, Performance, பிறகு Memory போங்கள். Form factor என்ற இடத்தில் SODIMM என்று இருந்தால் கழற்றி மாட்டும் ரேம். Row of chips என்று இருந்தால் ஒட்டியது. பக்கத்திலேயே Slots used: 1 of 2 என்று காட்டினால் இன்னொன்று போட இடம் இருக்கு என்று அர்த்தம். சில மாடல்களில் இந்த எண்ணிக்கை தப்பாகக் காட்டும். அதனால் அந்த மாடல் பற்றி கம்பெனியின் இணையதளத்திலும் ஒருமுறை சரிபாருங்கள். எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா என்பதும் இதே பக்கத்தில் Disk என்ற இடத்தில் தெரியும்.

கடைசிக் கேள்வி: எந்த ஐ5?

ரெண்டு லேப்டாப்பை எடுத்துக்குவோம். ஒன்று i5-7200U உள்ள பழசு. இன்னொன்று i3-1215U உள்ள புதுசு. ஸ்டிக்கரை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் உசத்தி. ஆனால் கோடுக்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். 7200 என்றால் 7-வது தலைமுறை, 2016-ல் வந்தது, உள்ளே 2 கோர். 1215 என்றால் 12-வது தலைமுறை, 2022-ல் வந்தது, உள்ளே 6 கோர். இங்கே ஐ3-தான் ஜெயிக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ இன்டெல்லில் பொதுவாக 8-வது தலைமுறை முதல்தான் அதிகாரப்பூர்வமாகப் போட முடியும். 7-வது தலைமுறை ஐ5-ல் கடைக்காரர் 11-ஐ எப்படியோ போட்டுக் கொடுத்தாலும், அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதுக்காக பழசே வாங்கக் கூடாதா? பட்ஜெட் அவ்வளவுதான் என்றால் வாங்கலாம். 8-வது தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள், பணம் கொடுக்கும் முன் பேட்டரியைப் பாருங்கள். Command Prompt திறந்து இதை டைப் செய்யுங்கள்:

```
powercfg /batteryreport
```

ஒரு ரிப்போர்ட் ஃபைல் உருவாகும், அது எங்கே இருக்கு என்பதையும் திரையிலேயே காட்டும். அதில் Design Capacity என்பது பேட்டரி புதுசாக இருந்தபோது தாங்கிய அளவு. Full Charge Capacity என்பது இப்போது தாங்கும் அளவு. முதலாவது 45,000, இரண்டாவது 27,000 என்று இருந்தால், 60 சதவீதம்தான் மிச்சம். 5 மணி நேரம் நின்ற பேட்டரி இனி 3 மணி நேரம்தான் நிற்கும். புது பேட்டரிக்கு ஆகும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துப் பேரம் பேசுங்கள்.

ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினால் அது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதை ஸ்டாரில் போட்டுக் காட்டியாக வேண்டும். நாலு வருஷப் படிப்பைத் தாங்க வேண்டிய லேப்டாப்பின் விலை அட்டையில் மட்டும் ரேம் ஒட்டியதா, கழற்றக்கூடியதா என்ற ஒரு வரியைப் போட ஏன் இவ்வளவு தயக்கம்? அந்த வரி வரும்வரை கடையில் நீங்கள்தான் கேட்க வேண்டும்: "அண்ணா, இதுல எஸ்எஸ்டியா? ரேம் ஸ்லாட் காலியா இருக்கா? புராசசர் முழு நம்பர் என்ன?" மூன்றுக்கும் திரையில் காட்டிப் பதில் சொல்லாத கடையில் பில் போடாதீர்கள்.