கெடு கடந்த விலை

திருகோணமலையில் உட்துறைமுகத்துக்கு அண்மையிலே படகுச் சாமான் விற்கும் சிறு கடையொன்றை நம் பழைய மாணவர் ஒருவர் நடத்தி வருகிறார். நைலோன் கயிறு, பைபர் படகுகளைப் பழுது பார்க்கும் ரெசின், அதனோடு ஒட்டும் கண்ணாடியிழைப் பாய் முதலியன அவர் வாணிபம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆந் திகதி இரவு, மின்வெட்டு வேளையில், ஒரு கடிதத்தையும் கைவிளக்கையும் ஏந்திக்கொண்டு அவர் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். அந்தக் கடிதத்துக்கு எழுதிய மறுமொழியே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நடந்தது இது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூரிலே படகு பழுது பார்க்கும் ஒப்பந்தகாரர் ஒருவர் சில சாமான்களுக்கு விலை கேட்டிருந்தார். நம் மாணவர் பெப்ரவரி 21ஆந் திகதி விலைக்குறிப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். கடைத்தெருவிலே கொட்டேஷன் என்பார்களே, அதுதான். மொத்தம் 380,000 ரூபா. அடியிலே, 'இவ்விலை மார்ச் 7ஆந் திகதி வரை மாத்திரம் செல்லும்' என்று ஒரு வரியும் இருந்தது.

மார்ச் 7ஆந் திகதி என்ன நேர்ந்ததென்பதை இலங்கையில் வாழ்ந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பல மாதங்களாக ஒரு டொலருக்கு ஏறத்தாழ 203 ரூபா என்று பிடித்து வைத்திருந்த நாணய மாற்று வீதத்தை மத்திய வங்கி அன்றுதான் தளர்த்தியது. 230 ரூபாவுக்கு மேற்படாது என்று முதலில் கூறப்பட்டது. ஒரு வாரத்துக்குள் டொலர் 260ஐத் தாண்டியது. மே மாதத்தில் 360 வரை ஏறிற்று.

மூதூர் ஒப்பந்தகாரர் 14ஆந் திகதி கட்டளைக் கடிதம் அனுப்பினார். அன்றே கடையின் வங்கிக் கணக்கில் 100,000 ரூபா முற்பணமும் இட்டுவிட்டார். 'தம்பி, நீர் எழுதித் தந்த விலை 380,000. நான் ஏற்றுக்கொண்டு பணமும் கட்டிவிட்டேன். இனி விலை பேச இடமில்லை' என்பது கடிதத்தின் சாரம்.

நம் மாணவர் மறுமொழியாக இரண்டு கடிதங்களை எழுதி வந்திருந்தார். ஒன்று கோபத்தில் எழுதியது. 'தாங்கள் ஏமாற்றப் பார்க்கிறீர்கள்' என்று தொடங்கியது. அதை வாசித்து முடிக்காமலே மடித்து வைத்தோம். மற்றது பணிவாக எழுதியது: 'தங்கள் கட்டளை கிடைத்தது. நன்றி. சாமான்களை ஆயத்தஞ் செய்கிறோம். விலை சற்றுக் கூடக்கூடும்.' இரண்டில் எது ஆபத்தானது என்று வாசகர்களைக் கேட்டால் முதலாவதையே பலர் காட்டுவர். உண்மையில் கடையைக் கவிழ்க்க வல்லது இரண்டாவது கடிதமே.

காரணத்தைச் சொல்லுவோம். விலைக்குறிப்பிலே கெடுத் திகதி ஒன்று குறித்திருந்தால், அத்திகதி கடந்தவுடன் அந்த முன்மொழிவு தானாகவே அற்றுப்போகிறது. அதை மீட்டுக்கொள்கிறோம் என்று தனியே அறிவிக்க வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 6ஆம் பிரிவில் இதனை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. கெடு குறிக்காவிடின் நியாயமான காலம் கடந்ததும் முன்மொழிவு ஒழியும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் ரோமன் டச்சுச் சட்டம். ஆயினும் இவ்விடயத்தில் முடிவு வேறாவதில்லை. அற்றுப்போன ஒன்றை ஏற்றுக்கொள்ள எவராலும் இயலாது. அப்படியானால் 14ஆந் திகதி வந்த கட்டளை என்ன? அது வாங்குபவர் தாமாகச் செய்கின்ற புதிய முன்மொழிவு. '380,000 ரூபாவுக்குத் தருவீரா?' என்று அவர் கேட்கிறார், அவ்வளவே. இப்பொழுது ஏற்பதும் மறுப்பதும் விற்பவர் கையில் இருக்கின்றன. 'கட்டளை கிடைத்தது, ஆயத்தஞ் செய்கிறோம்' என்று அவர் எழுதினாராயின், அந்தப் புதிய முன்மொழிவைப் பழைய விலைக்கே ஏற்றுக்கொண்டார் என்று வாதிக்க இடமுண்டு. 'விலை சற்றுக் கூடக்கூடும்' என்ற வால் அவரைக் காப்பாற்றும் என்று நம்புவதற்கில்லை.

ஆகவே மறுமொழி எழுதுமுன் நாம் அவரிடம் கேட்டது தர்க்கமன்று, கடையின் கோப்பு. கெடுவுக்குள்ளே வாங்குபவர் 'சரி' என்று ஒரு வரியாவது அனுப்பியிருந்தால், அது தொலைபேசிச் செய்தியாய் இருப்பினும், நியாயம் அவர் பக்கமே. கெடு கடந்த பின் கடையிலிருந்து எவரேனும் 'பழைய விலைதான், பயப்படாதீர்கள்' என்று சொல்லியிருந்தாலும் பேச்சு மாறிவிடும். கெடு வரி வாங்குபவருக்குக் கொடுத்த பிரதியில் உண்மையாகவே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கடைப் பிரதியில் மாத்திரம் இருந்து பயனில்லை.

கோப்பிலே இரண்டு விடயங்கள் அகப்பட்டன. முதலாவது, மார்ச் 3ஆந் திகதி ஒப்பந்தகாரர் தொலைபேசியில் அழைத்து, '360,000க்குத் தாரும், எடுத்துக்கொள்கிறேன்' என்று கூறியிருக்கிறார். நம் மாணவர் 'பார்ப்போம்' என்றிருக்கிறார். 'நான் கெடுவுக்குள்ளேயே பேசிவிட்டேன்' என்பது வாங்குபவரின் வாதம். பேசினார், உண்மை, ஆனால் ஏற்கவில்லை. 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தீர்க்கப்பட்ட ஹைட் எதிர் ரெஞ்ச் என்னும் வழக்கை இவ்விடத்தில் நினைவு கூரலாம். விற்பவர் தம் பண்ணைக்கு 1,000 பவுண் கேட்டார். வாங்க வந்தவர் 950 தருவேன் என்றார். விற்பவர் மறுத்தபின், சரி 1,000மே தருகிறேன் என்றார். ஒப்பந்தமே இல்லை என்று நீதிமன்றம் கூறிற்று. குறைத்துக் கேட்டவுடனே முதல் விலை அழிந்துவிட்டது என்பது காரணம். வெறுமனே 'குறைக்க இயலுமா?' என்று விசாரிப்பது வேறு, 'இன்ன விலைக்கு எடுக்கிறேன்' என்று எதிர்விலை சொல்வது வேறு. நம் ஒப்பந்தகாரர் சொன்னது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. எனினும் மறுமொழியில் இதை எழுத வேண்டாமென்று தடுத்துவிட்டோம். கெடுத் திகதி ஒன்றே போதுமாயிருக்கும்போது, வாடிக்கையாளரிடம் இங்கிலாந்து வழக்கை எடுத்து வீசுவது எதற்கு?

இரண்டாவதுதான் நம்மைச் சிறிது கலங்கச் செய்தது. முற்பணம் விழுந்ததும் கடைப் பையன், எசமானைக் கேளாமலே, 'பணம் கிடைத்தது, நன்றி' என்று தொலைபேசிச் செய்தி அனுப்பிவிட்டான். பணம் வந்ததை ஒப்புக்கொள்வது வேறு, கட்டளையை ஏற்பது வேறு என்று சொல்லலாம். ஆனால் பணத்தை வைத்துக்கொண்டு சில நாட்கள் வாளாவிருந்தால் அந்த வேறுபாடு மங்கிவிடும். நல்லவேளையாக 'முற்பணம்' என்றெழுதிப் பற்றுச்சீட்டு கொடுக்கவில்லை. மறுநாட் காலையிலேயே மறுமொழி போயாக வேண்டும், அதில் அந்தப் பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும் என்று முடிவாயிற்று.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 380,000 ரூபாவிலே இறக்குமதிச் சாமான்களின் அடக்கம் 1,500 டொலர். அன்றைய 203 ரூபாப்படி 304,500. மிகுதி 75,500 ரூபா லொறிக்கூலி, செலவு, இலாபம்; இலாபம் மாத்திரம் 38,000. இதில் 300 டொலருக்குரிய கயிறு முன்னமே வாங்கிக் கடையில் கிடந்தது. 1,200 டொலருக்குரிய ரெசினும் பாயும் கொழும்பிலிருந்து வரவேண்டியவை. கொழும்பு வியாபாரி அன்று டொலருக்கு 262 ரூபா வைத்துக் கணக்கிட்டார். டொலருக்கு 59 ரூபா ஏற்றம். 1,200 டொலருக்கு 70,800 ரூபா. பழைய விலைக்குக் கொடுத்தால் இலாபம் முழுவதும் போய், மேலும் 32,800 ரூபாவைக் கைப்பணத்திலிருந்து இழக்க நேரும்.

'கடையில் கிடக்கும் சாமானுக்கு ஏன் கூட்டுகிறீர்?' என்றும் ஒப்பந்தகாரர் கேட்டிருந்தார். விற்ற கயிற்றுக்குப் பதிற் கயிறு புதிய விலைக்கே வாங்கவேண்டும் என்பது வணிகர் சொல்லும் விடை. அது பொய்யன்று. ஆனாலும் கயிற்றைப் பழைய விலைக்கே கொடுத்துவிடும்படி நாம் கூறினோம். சட்டம் அதைக் கேட்கவில்லை; மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே பல்லாண்டுக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. நம் மாணவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். 17,700 ரூபா குறைகிறதே என்று சற்று முணுமுணுத்து, பின் ஒப்பினார்.

மின்சாரம் வந்தபின் எழுதிய கடிதம் இது:

'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் 14.03.2022ஆந் திகதிக் கடிதம் கிடைத்தது. எமது 21.02.2022ஆந் திகதி விலைக்குறிப்பு 07.03.2022 வரைக்குமே செல்லுபடியாவது. அத்திகதிக்குள் தங்கள் சம்மதம் எமக்குக் கிடைக்கவில்லை. ஆதலால் 380,000 ரூபாவுக்கான தங்கள் கட்டளையை ஏற்க இயலாதிருப்பதற்கு வருந்துகிறோம். நாணய மாற்று வீதம் மாறியதனால் ரெசின், கண்ணாடியிழைப் பாய் ஆகியவற்றின் கொள்விலை உயர்ந்துள்ளது. கையிருப்பிலுள்ள கயிற்றைத் தங்களுக்காகப் பழைய விலைக்கே தருகிறோம். இதன்படி புதிய மொத்த விலை 450,800 ரூபா. இவ்விலை 18.03.2022 நண்பகல் 12 மணி வரை செல்லும். தாங்கள் இட்ட 100,000 ரூபா தங்கள் பணமாகவே தனியே வைக்கப்பட்டுள்ளது. அது எமது சம்மதத்துக்கு அடையாளமாகாது. புதிய விலைக்குத் தாங்கள் எழுத்திற் சம்மதித்தால் அதை முற்பணமாக வரவு வைப்போம். இன்றேல் 19ஆந் திகதி தங்கள் கணக்குக்கே திருப்பி அனுப்புவோம்.'

நன்றியுரை முதலிற் போட வேண்டாமா என்று மாணவர் கேட்டார். முதல் வரி 'இல்லை' என்ற செய்திக்கு வழிவிட வேண்டும். நன்றியை இறுதியில் வைத்துக்கொள்ளலாம் என்றோம். 'துரதிருஷ்டவசமாக', 'எமது கொள்கைப்படி' என்ற சொற்களையும் அடித்துவிட்டோம். மூதூரில் உள்ளவருக்கு வேண்டியது கொள்கையன்று, திகதியும் தொகையும். டொலர்க் கணக்கை மட்டும் தனித் தாளில் எழுதி இணைத்தார். அது நம் யோசனையன்று, அவருடையதே. நல்ல யோசனை.

கடிதம் 15ஆந் திகதி காலை போயிற்று. 16ஆந் திகதி மறுமொழி இல்லை. 17ஆந் திகதி ஒப்பந்தகாரர் தொலைபேசியில் அழைத்து, வேறு இரண்டு கடைகளில் விசாரித்ததாகவும், எல்லாரும் கொள்ளையர் என்றும் கூறிவிட்டு வைத்தார். 18ஆந் திகதி நண்பகலும் கழிந்தது. மாலை 4 மணிக்கு, '450,800க்குச் சம்மதம்' என்ற செய்தி வந்தது.

இம்முறையும் கெடு கடந்துவிட்டது! நம் மாணவர் கொழும்புக்கு அழைத்து அந்த விலைக்கு இன்னும் சாமான் கிடைக்குமா என்று விசாரித்தார். அன்றிரவே பணம் அனுப்பினால் கிடைக்குமென்றார்கள். பின்பு, 'தங்கள் சம்மதம் கெடுவுக்குப் பின் வந்ததாயினும், 450,800 ரூபாவுக்கு இன்று அதை ஏற்கிறோம்' என்று எழுதியனுப்பி, 100,000 ரூபாவுக்கு முற்பணப் பற்றுச்சீட்டும் எழுதினார். கடைப் பையன் பக்கத்தில் நின்று, ஒரு சொல்லும் பேசாமல், அதைப் பிரதி எடுத்துக் கோப்பில் வைத்தான்.