எடிற்றில பாப்பம் எண்ட பொய்

“இருபத்தஞ்சில எடுத்தா என்னடா, எடிற்றில பாப்பம்.” குறும்படமோ ஆவணப்படமோ, எங்கள் செட்டுக்குள் இந்த வசனம் இல்லாமல் ஒரு ஷூட்டும் முடிந்ததில்லை. நாங்களும் சொன்னவர்கள்தான். இப்போது அதற்கு எதிராக எழுதுகிறோம்.

வடமோடிக் கூத்துப் பயிற்சி ஒன்றைப் பதிவுசெய்யப் போயிருந்தோம். ஆட்டக்காரர் ஒருவர் சதங்கை கட்டி, களரியைச் சுற்றி வேகமாகச் சுழன்றார். இரண்டு செக்கன் ஷொட். செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. எடிற்றில் அதை 20 வீத வேகத்துக்கு இழுத்து, ரிசோல்வில் Retime Process போய் Optical Flow-ஐத் தெரிவுசெய்தோம். பத்து செக்கன், வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. எங்களுக்குப் புளுகம் தாங்கவில்லை.

கொண்டுபோய் அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டினோம். இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இந்த மிதி எங்கட ஆட்டத்தில இல்லையே. யார் ஆடினது?”

அவர் பிடித்தது சரி. அதை யாரும் ஆடவில்லை. கணக்கைப் பாருங்கள். இரண்டு செக்கனில் கமரா எடுத்தது 50 பிரேம். பத்து செக்கனுக்கு வேண்டியது 250. மீதி 200 பிரேமை மென்பொருள் தானாகச் செய்தது. அதாவது நாங்கள் காட்டிய ஐந்து படங்களில் நான்கை எந்தக் கமராவும் பார்த்ததில்லை.

Optical Flow செய்வது ஊகம். அடுத்தடுத்த இரண்டு பிரேமை ஒப்பிட்டு, இந்தத் துண்டு இங்கேயிருந்து அங்கே போயிருக்கிறது என்று கணித்து, இடைவழியில் அதை வரைந்து வைக்கிறது. வெறும் வானத்துக்கு முன்னால் ஒருவர் மெல்ல நடந்தால் ஊகம் பெரும்பாலும் சரிவரும். ஒரு கால் மற்றக் காலை மறைத்துக் கடக்கும்போதுதான் பிரச்சினை. மறைந்திருந்தது எப்போது, எப்படி வெளியே வரும் என்று அதற்குத் தெரியாது. பக்கத்திலிருக்கும் மண்ணையும் வேட்டிக் கரையையும் இழுத்து ஓட்டையை அடைக்கிறது. கால் உருகி, இல்லாத இடத்தில் மிதிக்கிறது. போதாததற்கு, 1/50 ஷட்டரில் சதங்கை ஏற்கெனவே கலங்கல் கோடாகத்தான் பதிந்திருந்தது. வேகத்தைக் குறைத்தால் கலங்கல் தெளியாது. அதே கலங்கல் மெல்ல நகரும், அவ்வளவுதான்.

உங்கள் ஷொட்டைச் சோதிக்க விரும்பினால் பிளே பண்ணிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு பிரேமாகத் தட்டுங்கள். 20 வீதத்தில் ஒன்று தெளிவாக இருக்கும், அடுத்த நான்கில் விளிம்புகள் நெளியும், திரும்ப ஒன்று தெளியும். அந்தத் தாளம் தெரிந்தால் பொய் எங்கே என்று தெரியும்.

“சனம் இதையெல்லாம் பாக்குமே?” என்று கேட்பீர்கள். விளம்பரத்துக்கு என்றால் விட்டுவிடலாம். கூத்தைப் பதிவுசெய்கிறோம் என்று சொல்லிவிட்டு, நாளைக்கு இதைப் பார்த்து மிதி பழகப்போகிற பிள்ளைக்கு இல்லாத மிதியைக் கொடுப்பது என்ன ஆவணம்?

“எங்களிட்ட பெரிய கமரா இல்லை” என்பதும் முழுச் சாட்டு அல்ல. கையிலிருக்கும் பல போன்களில் செக்கனுக்கு 60 பிரேம் இருக்கிறது. அதை 25 பிரேம் டைம்லைனில் 41.67 வீத வேகத்தில் போட்டால் ஒவ்வொரு பிரேமும் உண்மையானது, ஊகமே தேவையில்லை. உண்மையான தடை வெளிச்சம். ஷட்டரை 1/100 ஆக்கினால் கலங்கல் பாதியாகும், வெளிச்சமும் பாதியாகும். இரவுக் களரியில் அது பெரிய இழப்பு. அதையும் தாண்டி 1/200க்குப் போனால், எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் சில விளக்குகள் படத்தில் துடிக்கத் தொடங்கும். இதையெல்லாம் ஷூட்டுக்கு முதல் யோசிக்க வேண்டும். எடிற் மேசையில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை.

சரி, ஏற்கெனவே 25-இல் எடுத்தாயிற்று. என்ன செய்யலாம்? 50 வீதத்துக்குக் கீழே போகாதீர்கள். அப்போதும் இரண்டில் ஒன்று ஊகம்தான், ஆனால் ஒவ்வொரு ஊகத்துக்கும் இரண்டு பக்கமும் உண்மையான பிரேம் காவல் நிற்கும். முகம், மெல்லத் திரும்பும் தோள் மாதிரி இடங்களில் மட்டும் Optical Flow போடுங்கள். கால்கள் குறுக்கிடும் இடத்தை வெட்டுங்கள், அல்லது Nearest-க்கு மாற்றுங்கள். அது இருக்கிற பிரேமையே திரும்பத் திரும்பக் காட்டும். படம் தடக்குத் தடக்கென்று போகும். போகட்டும். 1994இல் வந்த ‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’ படத்தில் வொங் கார் வாய் குறைந்த பிரேமில் எடுத்து, ஒவ்வொன்றையும் பலமுறை அச்சிட்டுத்தான் அந்தக் கலங்கிய ஓட்டத்தைக் கொண்டுவந்தார். தடக்கலைக் குறை என்று அவர் ஒளிக்கவில்லை.

நாங்கள் அந்தப் பத்து செக்கனை அழித்துவிட்டோம். சுழற்சி இப்போது இரண்டு செக்கன்தான், அதன் சொந்த வேகத்தில். அண்ணாவியார் பார்த்தார். மிதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.