விமானம் ஏறும் முன்பே தத்துவம், அதுவும் அளவோடு

லிந்துலை, அக்கரப்பத்தனை, தலவாக்கலைத் தோட்டங்களிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களில் ஆயுள் காப்புறுதி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். தாம் இல்லாத காலத்தில் அதைக் கவனிக்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அரிது. அற்றோணித் தத்துவத்தைப் புறப்படும் முன்பே எழுதிவிட வேண்டும், அதைக் காப்புறுதிக்கு மட்டும் அளவிட்டு எழுத வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

லிந்துலைத் தோட்டமொன்றின் தாய் ஒருவர் குவைத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய காப்புறுதியில், பிள்ளை மருத்துவமனையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை கிடைக்கும். பிள்ளை நுவரெலியா வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகிறது. அம்மம்மா டயக்னோசிஸ் கார்ட்டோடு காப்புறுதிக் கிளைக்குப் போகிறார். ஒப்பந்தம் மகளின் பெயரில் இருப்பதால் மகள்தான் கையெழுத்திட வேண்டும் என்று அங்கே சொல்கிறார்கள். அது சரியான பதில்தான். ஆனால் கோரிக்கைக்கான காலக்கெடு அதற்காகக் காத்திருப்பதில்லை. கட்டுப்பணம் நிலுவை என்ற அறிவித்தலோ தோட்ட அலுவலகத்துக்கு வந்து, லயத்துக்கு வராமலே கிடக்கிறது.

குவைத்திலிருந்தே தத்துவம் கொடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. இலங்கைத் தூதரகத்தில், அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்திட்டு அனுப்பலாம். ஆனால் கடவுச்சீட்டு எசமானின் அலுமாரியில் இருக்கும் பெண்ணுக்கு, தூதரகம் திறந்திருக்கும் நாளில் வீட்டை விட்டு வெளியேற முடியாத பெண்ணுக்கு, அந்த வழி பெயரளவில்தான் இருக்கிறது. அதே பத்திரத்தைப் புறப்படும் முன் ஹற்றனிலோ நுவரெலியாவிலோ நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளுடன் கையெழுத்திட்டு, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்து, ஒரு பிரதியைக் காப்புறுதி நிறுவனத்தின் கோப்பில் சேர்த்துவிடலாம். கொடுப்பவரின் பெயர் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, காப்புறுதிப் பத்திரம் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். தோட்டங்களில் பிறப்புப் பதிவில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து என்பது வழமை. பல கோரிக்கைகள் அங்கேதான் தடைப்படுகின்றன.

அடுத்தது அளவு. "எனது எல்லா அலுவல்களையும் கவனிக்க" என்று எழுதும் பொதுத் தத்துவம் இரண்டு பக்கமும் கெடுதி. தத்துவப் பத்திரத்தின் சொற்களை நீதிமன்றங்கள் இறுக்கமாகவே வாசிக்கும். அதனால், வெளிப்படையாகச் சொல்லப்படாத அதிகாரத்தை நிறுவனம் மறுக்கலாம். மறுபுறம், விரிவாக எழுதிக் கொடுத்தால் உறவினர் காப்புறுதியின் மீது கடன் எடுக்கலாம், அதை ஒப்படைத்துப் பணமாக்கவும் செய்யலாம். பல ஆண்டுச் சேமிப்பு ஒரே கையெழுத்தில் கரைந்துவிடும். ஆகவே காப்புறுதிப் பத்திர இலக்கத்தைக் குறிப்பிட்டு, கட்டுப்பணம் செலுத்துதல், அறிவித்தல்களைப் பெறுதல், மருத்துவக் கோரிக்கை சமர்ப்பித்தல் ஆகியவற்றுக்கு மட்டும் அதிகாரம் கொடுக்க வேண்டும். கடன், ஒப்படைப்பு, பின்னுரித்தாளரை மாற்றுதல் மூன்றும் விலக்கு என்று எழுத வேண்டும். வரும் பணம் காப்புறுதியாளரின் சொந்த வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். முடிவுத் திகதியும் வேண்டும். இடையில் தத்துவத்தை மீளப் பெற்றால், உறவினரிடம் சொன்னால் மட்டும் போதாது. நிறுவனத்துக்கும் பதிவாளருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு கிடைக்கும்வரை நல்லெண்ணத்தோடு செய்த கொடுப்பனவுக்காக நிறுவனத்தைக் குறைகூற முடியாது.

மிகப் பெரிய தவறான நம்பிக்கை, மரணத்துக்குப் பின்னும் தத்துவம் செல்லும் என்பது. உண்மையில், தத்துவம் கொடுத்தவர் இறந்த கணமே அது செத்துவிடுகிறது. மகள் குவைத்தில் இறந்தால், தாய் அந்தப் பத்திரத்தைக் காட்டி மரணக் கொடுப்பனவைப் பெற முடியாது. அதைக் கோருபவர் பின்னுரித்தாளர். அப்படி எவரும் குறிக்கப்படாவிட்டால் சட்டப்படியான வாரிசுகள். எனவே பின்னுரித்தாளரின் பெயரைச் சரிபார்ப்பது தத்துவம் எழுதுவதற்கும் முந்திய வேலை. ஊரில் கணவன் இறந்து, வெளிநாட்டிலுள்ள மனைவி பின்னுரித்தாளராக இருந்தால் நிலைமை வேறு. அவர் உயிரோடு இருப்பதால், அந்தக் கோரிக்கைக்காகத் தனியாக ஒரு தத்துவம் கொடுக்கலாம்.

வேலைக்காக நாடு விட்டுப் போகிறவரிடம் இத்தனையையும் தானே கண்டுபிடிக்கச் சொல்வது நியாயமில்லை. கட்டுப்பணம் வாங்க லயம் வரை முகவரை அனுப்பும் நிறுவனங்கள், அளவிட்ட தத்துவத்துக்கு ஒரு மாதிரிப் படிவத்தைத் தமிழில் தர வேண்டும். எந்தக் கிளையிலும் அதை ஏற்கவும் வேண்டும். காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அதை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் புறப்படுவதற்கு முந்திய பயிற்சியில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கி, நொத்தாரிசு ஒருவரையும் அங்கே அமர்த்த வேண்டும். பயிற்சி முடிந்து வெளியே வரும் பெண்ணின் கையில் சான்றிதழோடு கையெழுத்திட்ட தத்துவமும் இருக்க வேண்டும்.