பால் பாக்கெட்டை எண்ணுங்கள்

அத்தான் என் முன்னால் வைத்தது எட்டுப் பக்க பிரோஷர். வழவழப்பான தாள், அட்டையில் மண் குவளையில் ஆவி பறக்கும் டீ. உள்ளே ஒரே ஒரு பக்கம்தான் முக்கியம். அதில் ஒரு அட்டவணை, அட்டவணையின் கடைசி வரியில் தடித்த எழுத்தில் 'மாத நிகர லாபம் ரூ.1,00,000'. அதற்குக் கீழே 'ராயல்டி இல்லை'. அதற்கும் கீழே 'நீங்கள் கடையில் இருக்க வேண்டியதே இல்லை'.

"மாப்ள, நீ கணக்குப் போடுறவன். பார்த்துச் சொல்லு. டோக்கன் ஐம்பதாயிரம் கட்டிட்டேன், ஸ்லாட் போயிடும்னு சொன்னாங்க" என்றார்.

பார்த்துச் சொல்லு என்பது கட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டிய வாக்கியம். இருபத்திரண்டு வருடம் உதிரிபாகத் தொழிற்சாலையில் நின்று வேலை செய்து, விருப்ப ஓய்வில் வந்த பணம் அவருடையது. அதில் கை வைக்க வந்தவர்களிடம் எனக்கு இருக்கும் கோபம் இந்தக் கட்டுரை முழுக்கத் தெரியும். மறைக்கப் போவதில்லை.

முதலில் அந்த அட்டவணை. ஒரு நாளைக்கு 600 டீ, ஒரு டீ 15 ரூபாய், முப்பது நாளுக்கு 2,70,000. மூலப்பொருள் 40 சதவீதம், அதாவது 1,08,000. வாடகை 25,000, சம்பளம் 30,000, இதர செலவு 7,000. கழித்தால் சரியாக ஒரு லட்சம். போட வேண்டிய முதல் 12 லட்சம், ஆகவே ஒரே வருடத்தில் திரும்ப வந்துவிடும். கூட்டல் கழித்தலில் ஒரு பிழை கிடையாது. பிழை முதல் எண்ணில் இருக்கிறது. அந்த 600 எங்கிருந்து வந்தது என்று எட்டுப் பக்கத்தில் எங்கும் இல்லை.

காலை 6 மணி முதல் இரவு 9 வரை கடை என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 40 டீ. ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று, வெயில் மழை ஞாயிற்றுக்கிழமை பார்க்காமல். பஸ் ஸ்டாண்ட் வாசலில் நடக்கும். எல்லா இடத்திலும் நடக்காது.

'நல்லா ஓடுற கடை' என்று விற்பனைப் பிரதிநிதியே ஒரு கிளையைக் காட்டியிருந்தார். அந்தக் கடைக்கு எதிரே மூன்று நாள் உட்கார்ந்தேன். கஸ்டமரை எண்ணுவது சிரமம், கூட்டத்தில் விட்டுப்போகும். அதைவிட எளிய வழி பால். ஒரு லிட்டர் பாலில், தண்ணீர் சேர்ப்பதைப் பொறுத்து, 10 முதல் 12 டீ வரும். 600 டீக்கு 50 லிட்டராவது வேண்டும், அதாவது அரை லிட்டர் பாக்கெட் 100. விடியற்காலை வந்து இறங்கியதையும், மதியம் பையன் சைக்கிளில் போய் வாங்கி வந்ததையும் சேர்த்து எண்ணினேன். முதல் நாள் 44, அடுத்த நாள் 45, ஞாயிறன்று 40. சராசரியாக 21, 22 லிட்டர். 250 டீ. காபி போட்டாலும் அதே பால்தான்.

இது அவர்களே பெருமையாகக் காட்டிய கடை.

இப்போது கணக்கை மறுபடி போடலாம். 250 டீக்கு 3,750. பன், சமோசா, பிஸ்கட் எல்லாம் சேர்த்து தாராளமாக இன்னொரு 1,250. நாளுக்கு 5,000, மாதம் 1,50,000. இதில் செலவுப் பக்கம் வரும்போதுதான் 'ராயல்டி இல்லை' என்பதன் அர்த்தம் தெரிந்தது. ஒப்பந்தத்தின்படி டீத்தூளை கம்பெனியிடம் மட்டும்தான் வாங்க வேண்டும். அவர்கள் 'ஸ்பெஷல் பிளெண்ட்' கிலோ 780. அதே தரத்தில் மொத்தக்கடையில் 380க்குக் கிடைக்கிறது. அத்தான் இரண்டையும் வீட்டில் போட்டுக் குடித்துப் பார்த்தார், அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு மொத்தக்கடைத் தூள்தான் பிடித்திருந்தது. கிலோவுக்கு ஏறக்குறைய 250 டீ என்றால் நாளுக்கு ஒரு கிலோ, மாதம் 30 கிலோ. கிலோவுக்கு 400 ரூபாய் அதிகம், ஆக 12,000. ஒன்றரை லட்சம் விற்பனையில் 8 சதவீதம்.

8 சதவீத ராயல்டி என்று எழுதியிருந்தால் அத்தான் யோசித்திருப்பார். டீத்தூள் விலையில் ஒளித்து வைத்தால் அது 'ராயல்டி இல்லை'. ஆகவே யாராவது ராயல்டி இல்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது, எதையெல்லாம் உங்களிடம் மட்டும் வாங்க வேண்டும், அந்த விலைப்பட்டியலைக் கொடுங்கள், அதை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாமா? எங்கள் ஒப்பந்தத்தில் ஏற்றலாம். உச்சவரம்பு இல்லை.

கம்பெனி விலையில் மூலப்பொருள் 72,000 வந்தது. வாடகை 25,000. டீ மாஸ்டருக்கு 24,000, உதவியாளுக்கு 14,000. 30,000க்கு இரண்டு பேர் கிடைப்பார்கள் என்று எழுதியவர் சமீபத்தில் ஒரு மாஸ்டரையும் வேலைக்கு வைத்ததில்லை. கேஸ் 7,500, கரண்ட் 4,000, சில்லறைச் செலவு 3,000. மொத்தம் 1,49,500. மிச்சம் 500 ரூபாய்.

அத்தான் 8 லட்சம் கடன் வாங்குவதாக இருந்தார். 12 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் தவணை மாதம் 26,500க்குச் சற்று மேல். அந்த 500 ரூபாயிலிருந்து கட்ட வேண்டும்.

12 லட்சம் என்பதும் உண்மையான எண் அல்ல. அதில் 4 லட்சம் பிரான்சைஸ் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. 72,000. பெரிய நிறுவனம் என்றால் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும், இந்த அளவு டீக்கடைக்கு அந்த வழி இல்லை, போனது போனதுதான். கடை அட்வான்ஸ் பத்து மாத வாடகை, இரண்டரை லட்சம். சூடு பிடிக்கும்வரை கையில் ஒரு லட்சமாவது வேண்டும். 16 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

எல்லைப் பாதுகாப்பு என்று பிரோஷர் சொன்னது 2 கிலோமீட்டர். ஒப்பந்தத்தில் அது 1 கிலோமீட்டர் ஆகி, 'கம்பெனி முயற்சி செய்யும்' என்று முடிகிறது. அதோடு ஒரு விலக்கு: கியோஸ்க், ஆன்லைன் ஆர்டர், கம்பெனியின் மற்ற பிராண்டுகள் இதில் சேராது. அதாவது அதே முதலாளி பக்கத்துத் தெருவில் வேறு பெயரில் காபிக்கடை போடலாம். 'முழு சப்போர்ட்' என்பது ஏழு நாள் பயிற்சி. பொங்கலுக்கு ஊருக்குப் போன மாஸ்டர் திரும்பி வரவில்லை என்றால் எத்தனை நாளில் ஆள் அனுப்புவீர்கள், அனுப்பாவிட்டால் என்ன நஷ்டஈடு? நாள் எண்ணிக்கை எழுதாத சப்போர்ட் பேச்சுதான். இந்த எல்லாவற்றுக்கும் மேலே கடைசிப் பக்கத்தில் ஒரு ஷரத்து உட்கார்ந்திருக்கிறது: இந்த ஒப்பந்தத்தில் உள்ளதே முழு உடன்பாடு, இதற்கு முன் வாய்மொழியாகவோ விளம்பரத்திலோ சொன்ன எதுவும் கட்டுப்படுத்தாது. அந்த ஒரு லட்சம் லாபத்தை அவர்களே ரத்து செய்து நம்மிடம் கையெழுத்து கேட்கிறார்கள்.

இங்கேதான் நண்பர்கள் வருவார்கள். "பிசினஸ்னா ரிஸ்க் இருக்கும்டா, எல்லாத்தையும் நெகட்டிவ்வா பார்க்காதே." ரிஸ்க் எனக்குப் புரியும். கடை ஓடுமா ஓடாதா என்று இரண்டு பேருக்கும் தெரியாமல் இருப்பது ரிஸ்க். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால் அதற்கு வேறு பெயர். எல்லாக் கிளையிலும் கம்பெனியின் பில்லிங் மென்பொருள்தான் கட்டாயம். ஒவ்வொரு டீயும் அவர்கள் சர்வரில் பதிவாகிறது. நான் சோறு தின்பதே இந்த மாதிரி வேலை செய்துதான். அவர்களுக்குத் தேவைப்படுவது இவ்வளவுதான்:

```sql
SELECT outlet_id, SUM(amount) / COUNT(DISTINCT bill_date)
FROM bills
GROUP BY outlet_id;
```

ஒவ்வொரு கிளையின் தினசரி சராசரி விற்பனையும் சில நொடிகளில் வந்துவிடும், மூடிய கிளைகள் உட்பட. உண்மையை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு 'உத்தேச மதிப்பீடு' காட்டுகிறவரை எதிர்த்துக் கேட்டால் நாம் நெகட்டிவ்!

அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி ஒன்று இருக்கிறது. பிரான்சைஸ் விற்பவர் கையெழுத்துக்கும் பணத்துக்கும் குறைந்தது 14 நாள் முன்னால், 23 தலைப்புகளில் எழுதிய ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். வருமானம் பற்றிப் பேசினால் அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும், அதுவும் அந்த ஆவணத்திலேயே. 20ஆவது தலைப்பில் இப்போது நடத்துகிறவர்களின் தொடர்பு விவரம் மட்டுமல்ல, கடந்த நிதியாண்டில் விட்டுப் போனவர்களின் விவரமும் வர வேண்டும். அங்கேயும் ஏமாறுகிறார்கள், சொர்க்கம் இல்லை. ஆனால் தொலைபேசி எண்ணாவது கிடைக்கிறது. நம்மிடம் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம், அத்தானுக்கு அதற்கான ஆயுசும் காசும் இருந்தால்.

ஆகவே 20ஆவது தலைப்பை நாமே தயாரிக்க வேண்டியிருக்கிறது. மேப்பில் அந்தப் பெயரைத் தேடி 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று வருவதைக் குறித்தேன். பழைய பொருள் விற்கும் ஆப்களில் அந்த லோகோ போட்ட பாய்லரும் கவுண்டரும் விற்பனைக்கு இருந்தன. விற்பவரின் எண் அங்கேயே இருக்கிறது. நான்கு பேரிடம் பேசினேன். யாரும் எரிந்து விழவில்லை, பேச ஆள் கிடைத்த மாதிரிதான் பேசினார்கள். ஒருவர் சொன்னார்: "பதினோரு மாசம் நடத்துனேன் தம்பி. மூணாவது மாசத்துலயே தெரிஞ்சுபோச்சு. ஆனா வீட்ல எப்படிச் சொல்றதுன்னு எட்டு மாசம் நகையை வெச்சு ஓட்டுனேன்." அவருக்குக் காட்டிய அட்டவணையிலும் 600 டீதான். ஊர் வேறு, வாடகை வேறு, டீ மட்டும் அதே 600.

நல்ல கம்பெனிகள் இல்லையா? இருக்கும். தன் சொந்தக் கடைகளை நடத்தி லாபம் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கைத் தயங்காமல் திறந்து காட்டுகிறவர்களிடம் பணம் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு கேள்வி போதும் அவர்களைப் பிரித்தறிய. அதை இந்த கம்பெனியிடமும் மின்னஞ்சலில் கேட்டோம்: ஏதாவது மூன்று கிளைகளின் 12 மாத பில்லிங் அறிக்கையும், மூடிய இரண்டு கிளைக்காரர்களின் எண்ணும் வேண்டும். எழுத்தில் பதில் வரவில்லை, போன் வந்தது. "சார், நம்பிக்கை இல்லாம பிசினஸ் பண்ண முடியாது. உங்களுக்காக இன்னும் இருபத்தஞ்சாயிரம் குறைச்சுத் தர்றோம்."

ஐம்பதாயிரம் திரும்ப வரவில்லை. ரசீதின் பின்பக்கம் 'திருப்பித் தரப்பட மாட்டாது' என்று இருந்தது, அத்தான் முன்பக்கம் மட்டும் பார்த்திருந்தார். அக்கா இரண்டு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை, தம்பி வந்துதான் காரியம் கெட்டது என்று. அதுவும் சரிதான்.

அந்த முனைக்கடையை இப்போது வேறொருவர் எடுத்திருக்கிறார். முப்பது வயது இருக்கும், வேலையை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். காலையில் அந்தப் பக்கம் நடக்கும்போது என் கண் தானாக வாசலில் இருக்கும் பால் டப்பாவுக்குப் போகிறது. போன திங்கட்கிழமை 38.