என் முகமே எனக்குப் போட்டியா?

நீங்கள் என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டீர்கள். விளம்பர ஏஜென்சியில் இருந்து பேசுகிறேன் என்றீர்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஏற்ற ஃபவுண்டேஷன் வந்திருக்கிறது, உங்களைப் போன்றவர்தான் வேண்டும் என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். நாலு வருஷமாக மதுரையில் ஒரு பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து, கறுத்த பெண்கள் பவுடர் அப்பிச் சாம்பல் பூத்த முகத்தோடு மணமேடை ஏறக் கூடாது என்றுதானே வீடியோ போட்டுக்கொண்டிருந்தேன்!

பேசிய தொகை 40,000 ரூபாய். வரிப் பிடித்தம் 10 சதவீதம் போகக் கைக்கு வந்தது 36,000, அதுவும் நாலு மாதம் கெஞ்சிய பிறகு. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் வீடியோவை நிறுவனத்தின் பக்கத்தில் 30 நாள் மட்டும் போடுவோம் என்று வாட்ஸ்அப்பில் சொன்னது யார்? வெளியிடுவதற்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்குப் பன்னிரண்டு பக்க ஒப்பந்தத்தை அனுப்பி, "காலையில் லைவ் போகணும், சைன் பண்ணிடுங்க சிஸ்டர்" என்றது யார்? ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி: எல்லா ஊடகத்திலும், உலகம் முழுவதும், காலவரையின்றி. பயன்படுத்தும் காலத்தை எழுதாமல் விட்டிருந்தால்கூட, பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றத்துக்கு 5 ஆண்டுதான் கணக்கு என்று பிறகு ஒரு வக்கீல் சொன்னார். நீங்கள் மறக்காமல் எழுதியிருந்தீர்கள்.

எடிட் செய்யாத மூல வீடியோவையும் கேட்டு வாங்கினீர்கள். "கிளையன்ட் ரெக்கார்டுக்கு" என்றீர்கள். என் கணக்கு வழியாக விளம்பரம் ஓடியிருந்தால், அனுமதியை நானே நிறுத்தியிருப்பேன். மூல வீடியோ கையில் இருந்ததால் நிறுவனத்தின் கணக்கிலிருந்தே ஓட்டினீர்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களைக் காட்டும் ஆட் லைப்ரரியில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடினேன். என்றைக்குத் தொடங்கியது என்ற தேதியோடு என் முகம் அங்கே இருந்தது. பதினொரு மாதமாக ஓடுகிறது!

அது என் வயிற்றில் எப்படி அடித்தது தெரியுமா? அதே ஃபவுண்டேஷனுக்கு என் வீடியோவின் கீழே அஃபிலியேட் லிங்க் வைத்திருந்தேன். விலை 750 ரூபாய், 8 சதவீத கமிஷன், ஒரு பாட்டிலுக்கு 60 ரூபாய். முதல் மாதம் 70 பேர் வாங்கினார்கள், 4,200 ரூபாய் வந்தது. உங்கள் விளம்பரம் தொடங்கிய பிறகு லிங்க்கைத் தட்டுகிறவர்கள் குறையவில்லை. ஆனால் ஆர்டர் 12 ஆனது, 720 ரூபாய். ஒன்றுமே புரியவில்லை எனக்கு. வாரக்கணக்கில் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வாங்குகிறவர் கடைசியாக எந்த லிங்க்கைத் தட்டினாரோ, அதற்குத்தான் லிங்க் கொடுத்த கடை கமிஷன் தரும். ஒரு பெண் என் இருபது நிமிஷ வீடியோவைப் பார்க்கிறாள். என் லிங்க்கைத் தட்டுகிறாள். சம்பளம் வரட்டும் என்று மூடி வைக்கிறாள். இரண்டு நாள் கழித்து இன்ஸ்டாகிராமில் என் முகமே விளம்பரமாக வருகிறது. அக்காதானே என்று அதைத் தட்டி வாங்குகிறாள். விற்பனை விளம்பரக் கணக்கில் ஏறுகிறது. என் உழைப்பை என் முகத்தைக் கொண்டே துடைத்து எடுத்துவிட்டீர்களே!

பணம் போனால் போகட்டும் என்றுகூட ஒரு நாள் படுத்துத் தூங்கியிருப்பேன். என் முகத்தை ஏன் வெளுக்க வைத்தீர்கள்? நான் பூசியது அடர்ந்த, மஞ்சள் சாயலுள்ள ஷேடு. விளம்பரத்தில் நிறத்தை ஏற்றி, அதிலிருந்து இரண்டு ஷேடு வெளுப்பான பாட்டிலை என் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். "அக்கா, நீங்க போட்டதைத்தான் வாங்கினேன், முகம் சாம்பலா இருக்கு" என்று சிவகங்கையிலிருந்து ஒரு பெண் புகைப்படம் அனுப்பினாள். தன் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குப் பூசியிருக்கிறாள். நெற்றியில் ஒரு நிறம், கழுத்தில் ஒரு நிறம். எதைச் செய்யாதீர்கள் என்று நாலு வருஷம் தொண்டை வற்றச் சொன்னேனோ, அதை என் முகத்தைக் காட்டியே செய்ய வைத்திருக்கிறீர்கள்.

உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், படைப்பைத் திரித்து அதைப் படைத்தவரின் பெயரைக் கெடுத்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் வழக்குப் போடலாம் என்கிறார் அந்த வக்கீல். அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை, நீங்கள் எனக்குக் கொடுத்ததைவிட அதிகம். இது தெரிந்துதானே என் மூன்று மின்னஞ்சலுக்கும் பதில் போடாமல் இருக்கிறீர்கள்?

பிரித்த பாட்டிலைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளாது. அந்தப் பெண்ணுக்கு 750 ரூபாயை நான்தான் அனுப்பினேன். அவள் நம்பியது என் முகத்தை.